சுண்டு விரலும் புதன் ரேகையும் பண ரேகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கை பார்க்கத் தெரியும் என்று தெரிந்துவிட்டால் போதும், பாதிப் பேர் நீட்டுவது உள்ளங்கையை, கேட்பது பணத்தை. "பண ரேகை இருக்கா?" என்றுதான் பேச்சே தொடங்கும். பதிலோ பெரும்பாலும் ரேகையில் இருப்பதில்லை, சுண்டு விரலில் இருக்கிறது. திரும்பத் திரும்ப என் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே சேர்த்திருக்கிறேன். இதில் வரும் பலன்கள் எல்லாம் கைரேகை மரபு சொல்பவை.

புதன் விரல்னு எதைச் சொல்றாங்க? அதுல ஏன் பேச்சையும் வியாபாரத்தையும் சேர்த்தே பார்க்கிறாங்க?

சுண்டு விரல்தான் புதன் விரல். அதன் அடியில் உள்ளங்கையில் சதை லேசாக மேடிட்டிருக்கும் இடம் புதன் மேடு. அந்த மேட்டை நோக்கி உள்ளங்கையின் கீழ்ப்பகுதியிலிருந்து சாய்வாக ஏறி வரும் கோடு புதன் ரேகை. விரல், மேடு, ரேகை மூன்றையும் சேர்த்துத்தான் புதனைப் படிக்க வேண்டும்.

வாக்கு, கணக்கு, வணிகம் மூன்றையும் மரபு புதனுக்கே கொடுத்திருக்கிறது. யோசித்தால் அதில் பொருள் இருக்கிறது. ஒரு பொருளை விற்பது பாதி பேச்சு, பாதி கணக்கு. எதிரில் நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று பிடித்து, அதை அவர் ஏற்கும்படி சொல்லி, முடிவில் தனக்கு என்ன மிஞ்சும் என்று மனதுக்குள் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரே கையில் இந்த இரண்டும் ஒரே அளவில் இருப்பது அபூர்வம். எது கூடுதல், எது குறைவு என்று பிரித்துச் சொல்வதுதான் இந்த விரலைப் படிப்பதில் உள்ள வேலை.

சுண்டு விரல் எவ்வளவு நீளம் இருந்தா நல்லது?

பொதுவாகச் சொல்லும் அளவு இது: விரல்களைச் சேர்த்து நீட்டினால், சுண்டு விரலின் நுனி மோதிர விரலின் மேல்கோட்டைத் தொட வேண்டும். மேல்கோடு என்பது நகத்துக்குப் பின்புறம், உள்ளங்கைப் பக்கம் இருக்கும் முதல் மடிப்பு. அந்தக் கோட்டைத் தாண்டினால் நீளமான புதன் விரல்: எண்ணியதைச் சொல்லில் கொண்டுவரும் திறமை, ஆளைப் படிக்கும் திறமை. எட்டாமல் நின்றால் குட்டை: மனதில் இருப்பதைச் சொல்லத் தடுமாறுவார், அல்லது யோசிக்காமல் பட்டென்று சொல்லிவிடுவார்.

ஆனால் இந்த அளவை மட்டும் வைத்துப் பலன் சொன்னால் நிறையப் பேருக்குத் தவறாகப் போகும். ஏன் என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது. முழுதாகப் படியுங்கள், மீதி எல்லாம் அதை ஒட்டித்தான் வருகிறது.

என் சுண்டு விரல் ரொம்பக் குட்டை. உனக்கு வியாபாரமே சரிப்படாதுன்னு ஒருத்தர் சொல்லிட்டார். உண்மையா?

விரல் குட்டையா, அல்லது விரல் இறங்கி முளைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான்கு விரல்களும் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் ஒரு கோடு இருக்கும். மற்ற மூன்று விரல்களின் அடிக்கோடுகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்க, சுண்டு விரலின் அடிக்கோடு மட்டும் கொஞ்சம் கீழே இருக்கும். ஒரு சென்டிமீட்டர் அளவு இறக்கத்தை நான் சாதாரணமாகவே எடுத்துக்கொள்கிறேன். அதைவிட அதிகம் இறங்கினால், நல்ல நீளமான விரலும் மேல்கோட்டை எட்டாது. பள்ளத்தில் நிற்கும் ஆள் குள்ளமாகத் தெரிவது போலத்தான்.

ஒரு கையை அளந்து காட்டுகிறேன். துணி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், இதே தீர்ப்பைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். அவருடைய மோதிர விரல் அடிக்கோட்டிலிருந்து நுனி வரை 74 மில்லிமீட்டர். அதன் மேல்கோடு அடியிலிருந்து 49 மில்லிமீட்டரில் இருந்தது. சுண்டு விரலின் நுனியோ 42-இல் நின்றுவிட்டது. ஏழு மில்லிமீட்டர் குறைவு. பார்த்தவர் யாராக இருந்தாலும் குட்டை என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் சுண்டு விரலைத் தனியாக அளந்தால் 61 மில்லிமீட்டர். அதன் அடி, மோதிர விரலின் அடியைவிட 19 மில்லிமீட்டர் கீழே இருந்தது. 61-இல் 19 போனால் 42, கணக்கு சரியாக வந்துவிட்டது. சுண்டு விரல் மோதிர விரலில் ஐந்தில் நான்கு பங்கு இருந்தால் நான் சரியான நீளம் என்பேன். 74-இல் ஐந்தில் நான்கு என்றால் 59. இவருக்கு 61. ஆக, குட்டை இல்லை, கொஞ்சம் நீளமே.

இரண்டுக்கும் பலன் வேறு. குட்டை விரல் என்றால் பேச்சுத் திறமையே குறைவு. இறங்கிய விரல் என்றால் திறமை இருக்கிறது, தனக்காக அதைப் பயன்படுத்தத்தான் தயக்கம். இந்த நண்பர் விஷயத்தில் அந்தத் தயக்கம் எங்கே போய் முட்டியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

போன்ல போட்டோ எடுத்து அனுப்பினா அளக்க முடியாதா?

ரேகையை ஓரளவு பார்க்கலாம், விரலை அளக்க முடியாது. கேமராவைக் கைக்கு மிக அருகில் வைத்து எடுத்தால், அருகில் இருக்கும் பகுதி பெரிதாகத் தெரியும். கையைக் கொஞ்சம் சாய்த்தாலே ஒரு விரல் நீண்டும் ஒரு விரல் சுருங்கியும் விழும். அதோடு, முன்பக்கக் கேமராவில் எடுத்த படம் சில போன்களில் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பிப் பதிவாகும். வலது கை இடது கையாகத் தெரியும். இடது கையை வலது கை என்று நினைத்து முழுப் பலனையும் சொல்லி முடித்த அனுபவம் எனக்கே உண்டு.

அளக்க ஒரு சாதாரண அளவுகோல் போதும். கையை மேசைமேல் மல்லாக்க வைத்து, விரல்களைச் சேர்த்து, அழுத்தாமல் நீட்டச் சொல்லுங்கள். நகம் வளர்ந்திருந்தால் அதைச் சேர்க்காதீர்கள், சதை முடியும் இடம்தான் நுனி.

விரல்ல மூணு பாகம் இருக்கே, அது ஒவ்வொண்ணுக்கும் ஒரு பலனா?

ஆமாம். கோட்டுக்குக் கோடு இருக்கும் ஒவ்வொரு பகுதியையும் கணு என்று சொல்வது வழக்கம். நகம் இருக்கும் மேல்கணு பேச்சையும் சிந்தனையையும் காட்டும். நடுக்கணு ஒழுங்கு, ஆராய்ச்சி, ஒரு வேலையை வகுத்துச் செய்யும் முறை. அடிக்கணு பொருள், பணம், கைக்கு வந்ததைக் காப்பது. எந்தக் கணு மற்ற இரண்டைவிட ஓங்கியிருக்கிறதோ, அந்தத் திசையில்தான் அவருடைய புதன் வேலை செய்யும்.

இங்கே ஒரு தவறு சாதாரணமாக நடக்கிறது. நடுக்கணு குட்டை, அதனால் உங்களுக்குத் திட்டமிடத் தெரியாது என்று சொல்லிவிடுகிறார்கள். சுண்டு விரலின் நடுக்கணு பெரும்பாலானவர்களுக்கு இயல்பாகவே மூன்றிலும் குட்டைதான். அதனால் அதை மற்ற இரண்டோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அது மற்ற இரண்டுக்குச் சமமாக வளர்ந்திருந்தால் மட்டுமே பேச வேண்டிய விஷயம். அப்படிப்பட்ட கை ஒழுங்கான கணக்குக்காரரின் கை.

அடிக்கணுவில் நீளத்தோடு சதைப்பிடிப்பையும் பாருங்கள். விரல்களைச் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், சுண்டு விரலின் அடிக்கும் மோதிர விரலின் அடிக்கும் நடுவே சந்து தெரிகிறதா? சதை நிறைந்து சந்து அடைபட்டிருந்தால் பணத்தை இறுக்கிப் பிடிப்பார். மெலிந்து வெளிச்சம் ஒழுகினால், பணமும் அந்த வழியாக ஒழுகும் என்பது பழைய வாக்கு. நண்பருடைய கணுக்கள் மேலிருந்து 26, 16, 19 மில்லிமீட்டர். மேல்கணு நன்றாக நீண்டது, அடிக்கணு மெலிந்தது, வெளிச்சம் தெரிந்தது.

நுனி கூர்மையா இருந்தா நல்லதா, சதுரமா இருந்தா நல்லதா?

கூர்மையான நுனி, சொல்நயம் உள்ள பேச்சு. சதுரமான நுனி, சுற்றி வளைக்காத, காரியத்துக்கு வேண்டியதை மட்டும் பேசும் பேச்சு. வியாபாரத்துக்கு இரண்டும் உதவும். இதற்கு மேல் நுனியிலிருந்து எதையும் கறந்துவிட முடியாது.

என் சுண்டு விரல் உள்பக்கமா வளைஞ்சிருக்கு. அப்படி இருந்தா ஏமாத்துக்காரன்னு படிச்சேன். மனசு கஷ்டமா இருக்கு.

கஷ்டப்பட வேண்டாம். மோதிர விரல் பக்கம் லேசாகச் சாய்வது ஏராளமான கைகளில் இருக்கிறது, குடும்பத்தில் வழிவழியாகவும் வரும். உங்கள் அப்பா அம்மாவின் கையைப் பாருங்கள், அங்கேயும் இருக்கலாம். நல்ல நூல்கள் இதைச் சாமர்த்தியம் என்றுதான் சொல்கின்றன: எதிராளி என்ன நினைக்கிறார் என்று முன்கூட்டியே கணித்து, தன் பேச்சை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் திறமை. அந்தத் திறமையை நல்லதற்கும் பயன்படுத்தலாம், கெட்டதற்கும் பயன்படுத்தலாம். எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதை ஒரு விரலின் வளைவு சொல்லாது. ஒருவரைத் திருடன் என்று சொல்ல விரல் வளைவை ஆதாரமாகக் காட்டுவதை நான் பாவம் என்றே நினைக்கிறேன்.

நேராக இருந்த விரல் பின்னாளில் உள்ளங்கையை நோக்கி மடங்க ஆரம்பித்து, நிமிர்த்த முடியாமல் போய், உள்ளங்கையில் கயிறு போலத் தடிப்பும் தெரிந்தால் கதை வேறு. மோதிர விரலிலும் சுண்டு விரலிலும் அதிகம் வரும் ஒரு நோய்நிலை இருக்கிறது. அடிபட்டு மூட்டு வளைவதும் உண்டு. அதற்குப் பலன் பார்க்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கையை விரிச்சா சுண்டு விரல் மட்டும் தனியா ஒதுங்கி நிக்குது, அது?

தன் வழியில் செயல்படுகிறவர் என்பது பலன். வேலைக்கு இருப்பதைவிடச் சொந்தத் தொழிலில் நிம்மதியாக இருப்பார். ஆனால் "கையை நல்லா விரிங்க" என்று சொல்லிவிட்டுப் பார்த்தால் எல்லாருக்கும் இடைவெளி வரும். ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டச் சொல்லி, அது தானாக எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

புதன் ரேகை எங்க இருக்கு? எவ்வளவு தேடியும் எனக்குக் கிடைக்கலை.

மணிக்கட்டுக்கு மேலே, உள்ளங்கையின் அடிப்பகுதியில் எங்காவது தொடங்கும். பிறகு சுண்டு விரலை நோக்கிச் சாய்வாக ஏறி, வழியில் உள்ளங்கை நடுவே குறுக்காக ஓடும் புத்தி ரேகையைக் கடக்கும். நீளமாக இருந்தால் அதற்கு மேலே, விரல்களுக்குக் கீழே குறுக்காக ஓடும் இருதய ரேகையையும் கடந்து புதன் மேட்டைத் தொடும். ஆரோக்கிய ரேகை என்று சொல்வதும் இதையேதான். ஜன்னல் பக்கமாகத் திரும்பி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கையைப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் மெல்லிய கோடுகள் மறைந்துவிடும்.

இதோடு குழப்பிக்கொள்ளும் கோடுகள் மூன்று. உள்ளங்கையின் வெளிவிளிம்பை ஒட்டி வில் போல வளைந்து ஏறினால் அது உள்ளுணர்வு ரேகை. புதன் ரேகை பெரும்பாலும் நேர்க்கோடு. மோதிர விரலுக்கு அடியில் போய் முடிந்தால் சூரிய ரேகை. சுண்டு விரலுக்குக் கீழே விளிம்பிலிருந்து படுக்கையாக உள்ளே வருபவை விவாக ரேகைகள். கோடு எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

எனக்கு அந்த ரேகையே இல்லை. அப்போ வியாபாரம் கிடையாதா?

எத்தனையோ கைகளில் இது இல்லை. இல்லாததை நல்ல அறிகுறி என்றே மரபு சொல்கிறது. உடம்பைப் பற்றிய கவலை இல்லாதவர், மனம் சும்மா அலையாதவர் என்று. புதன் ரேகை இல்லாத கையில் வியாபாரத் திறமையை விரலும் மேடும் சொல்லும். ரேகை இருந்தால் அந்தத் திறமை ஒரு திசை பிடித்து ஓடுகிறது என்று பொருள், அவ்வளவுதான். அதனால்தான் விரலை முதலில் பாருங்கள், ரேகையைப் பிறகு பாருங்கள் என்கிறேன்.

ரேகை எங்க ஆரம்பிச்சா என்ன பலன்?

உள்ளங்கை நடுவில் நடு விரலை நோக்கி ஏறும் விதி ரேகையை ஒட்டியோ அதிலிருந்து பிரிந்தோ சுண்டு விரலுக்குப் போனால், செய்யும் தொழிலே வணிகமாக மாறும். உள்ளங்கையின் வெளிப்பக்க அடியில் இருக்கும் சந்திர மேட்டில் தொடங்கினால், கற்பனையும் மக்களோடு பழகும் தன்மையும் மூலதனம். பேசிப் பிழைக்கும் தொழில்கள் இவருக்கு வரும். எந்த ரேகையையும் தொடாமல் உள்ளங்கை நடுவில் தனியாகத் தொடங்கி நேராகப் போவது சுத்தமான புதன் ரேகை. கட்டைவிரலின் அடியைச் சுற்றி வளையும் ஆயுள் ரேகையை ஒட்டித் தொடங்குவதைப் பழைய நூல்கள் விரும்புவதில்லை, உழைப்பு உடம்பைத் தின்னும் என்கின்றன.

நடுவுல அறுந்து அறுந்து போகுது. நஷ்டம் வருமா? உடம்புக்கு எதுவும் வருமா?

துண்டுதுண்டாக இருந்தால் வரவு விட்டுவிட்டு வரும், அலையலையாக இருந்தால் தொழிலில் அடிக்கடி திசை மாறுவார் என்று சொல்வார்கள். இதையே ஜீரணக் கோளாறு, கல்லீரல் கோளாறு என்றும் பழைய நூல்கள் படிக்கும். உடம்பு விஷயத்தில் நான் இதிலிருந்து எதுவுமே சொல்வதில்லை. வயிறு சரியில்லை என்றால் வயிற்றைத்தான் காட்ட வேண்டும், கையை இல்லை.

ஆனால் அது நிஜமாகவே அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். மை தடவிக் காகிதத்தில் பதித்துப் பார்க்கும்போது இந்த ஏமாற்றம் அடிக்கடி நடக்கும். உள்ளங்கையின் நடு பள்ளமாக இருப்பதால் அந்த இடம் காகிதத்தில் படாது. ரேகை சரியாக அங்கேதான் ஓடுகிறது; பதிவில் நடுவே வெள்ளை விழுந்து, அறுந்தது போலத் தெரியும். காகிதத்துக்கு அடியில் மடித்த துணி ஒன்றை வைத்து, அது உள்ளங்கைக் குழிக்கு நேரே வரும்படி அழுத்துங்கள். நண்பருக்கு முதல் பதிவில் புதன் ரேகை இரண்டு துண்டு. துணி வைத்து எடுத்த இரண்டாவது பதிவில் முழுக்கோடு.

சரி, பண ரேகைன்னு தனியா எது? ஆளுக்கு ஒண்ணு காட்டுறாங்களே.

ஒரே பெயரில் பலதைச் சொல்வதால் வரும் குழப்பம் இது. பண ரேகை அல்லது தன ரேகை என்ற பெயரில் எனக்குக் காட்டப்பட்டவை முக்கியமாக மூன்று. முதலாவது, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் கீழே செங்குத்தாக நிற்கும் சின்னக் கோடுகள். இரண்டாவது, புத்தி ரேகையிலிருந்து கிளம்பி சுண்டு விரல் பக்கம் ஏறும் கிளை. மூன்றாவது, பண முக்கோணம்.

இவற்றில் நான் அதிகம் மதிப்பது இரண்டாவது. புத்தி ரேகையின் கிளை புதனை நோக்கி ஏறினால், அறிவு பணமாக மாறும் வழி அந்தக் கையிலேயே போட்டிருக்கிறது. சின்னச் செங்குத்துக் கோடுகள், தெளிவாக ஒன்றோ இரண்டோ இருந்தால் வரவுக்கு வழி. பத்துப் பதினைந்து மெல்லிய கீறல்களாக இருந்தால் பணம் பல வழியில் வந்து பல வழியில் சிதறும். சுண்டு விரலுக்கு நேர் கீழே மூன்று கோடுகள் பக்கம்பக்கமாக நின்றால், அதைப் பணமாக எடுக்காமல் மருத்துவக் குறி, அதாவது பிறரைக் குணப்படுத்தும் கை என்று படிப்பதும் உண்டு. விவாக ரேகையின் மேல் நிற்கும் பொடிக் கோடுகளைச் சந்தான ரேகை என்பார்கள். அதையும் பணக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

பண முக்கோணம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? என்னுது திறந்திருக்குன்னு சொல்றாங்க.

விதி ரேகை நடு விரலை நோக்கி ஏறுகிறது, புதன் ரேகை சுண்டு விரலை நோக்கிச் சாய்ந்து ஏறுகிறது. இரண்டும் கீழே ஒன்றையொன்று நெருங்கி, மேலே விரிந்து போகும். மேலே புத்தி ரேகை குறுக்கே ஓடி மூடி போடும். கீழே கூர், மேலே மூடி, நடுவில் அடைபட்ட இடம்: அதுதான் பண முக்கோணம். விதி ரேகைக்குப் பதில் ஆயுள் ரேகை ஒரு பக்கமாக அமைந்தால் அது பெரிய முக்கோணம், அதன் பலன் பணம் அல்ல. நிறையப் பேர் பெரிய முக்கோணத்தைப் பார்த்துவிட்டுப் பண முக்கோணம் என்று மகிழ்ந்துபோகிறார்கள்.

மூன்று மூலையும் கூடியிருந்தால் வந்த பணம் தங்கும். மேல் மூலை திறந்திருந்தால் சம்பாதிக்கும் வழியில் இடைவெளி, கீழ் மூலை திறந்திருந்தால் வந்தது கீழே வழிந்துவிடும் என்று படிக்கிறேன். திறந்திருக்கிறது என்று முடிவு கட்டும் முன், மேலே சொன்ன துணி வைத்த பதிவை எடுத்துப் பாருங்கள். கீழ் மூலை பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான் விழும். நண்பருக்குத் துணி வைத்து எடுத்த பிறகும் அந்த மூலையில் இடைவெளி இருந்தது, அரிசி மணி அளவு.

எந்தக் கையைப் பார்க்கணும்?

ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது என்பது பழைய முறை. நான் எழுதும் கையை முதலில் பார்க்கிறேன், அதை மற்ற கையோடு ஒப்பிடுகிறேன். எழுதாத கை கொண்டுவந்தது, எழுதும் கை செய்துகொண்டது. எழுதாத கையில் இல்லாத புதன் ரேகை எழுதும் கையில் இருந்தால், அந்தப் பேச்சை அவர் பழகிச் சேர்த்துக்கொண்டார் என்று சொல்வேன்.

நல்லா பேசுவேன், வியாபாரமும் நடக்குது, ஆனா கையில காசு நிக்கலை. இது எப்படி? ரெண்டும் புதன்தானே?

விரல் ஒன்று சொல்கிறது, பண ரேகை ஒன்று சொல்கிறது என்று தோன்றும். முரண்பாடு இல்லை. நண்பருடைய கையை முழுதாகச் சேர்த்துப் பார்த்தால் புரியும். நீண்ட மேல்கணு: பொருளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்பவர் எழுந்து போகமாட்டார். விதி ரேகையை ஒட்டித் தொடங்கிய முழுமையான புதன் ரேகை: தொழில் வணிகமே. அடிக்கணு மெலிவு, முக்கோணத்தின் கீழ் மூலை திறப்பு: வந்தது தங்காது. இது வரைக்கும் யாரும் சொல்லிவிடுவார்கள். ஏன் தங்காது என்பதை 19 மில்லிமீட்டர் இறங்கிய அந்த விரல்தான் சொல்லியது.

விற்கும் பேச்சு ஒன்று, தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கும் பேச்சு ஒன்று. முன்னதில் பொருளைப் பற்றிப் பேசுகிறோம். பின்னதில் நம்மைப் பற்றிப் பேச வேண்டும். இறங்கிய புதன் விரல்காரர் முதலாவதில் கெட்டிக்காரர், இரண்டாவதில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "உங்களுக்கு வர வேண்டிய பாக்கி நிறைய வெளியில் நிற்கும், கேட்கக் கூச்சப்படுவீர்கள்" என்று எழுதி வைத்தேன். சரக்கைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு, பணம் கேட்கப் போன இடத்தில் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பி வருகிறவர் அவர். அவருடைய மனைவிதான் இதைச் சொன்னார், அவர் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது பாக்கி கேட்கும் வேலையை அவர் மனைவி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் கதையைக் கேட்டுட்டு அப்புறம் ரேகையில பொருத்தியிருப்பீங்க, இல்லையா?

நியாயமான கேள்வி. அதனால்தான் எழுதி வைத்தேன் என்றேன். ஒரு கையைப் பார்த்தால், எதிரில் இருப்பவர் வாய் திறக்கும் முன் எனக்குத் தோன்றியதை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுகிறேன். பேசி முடித்த பிறகுதான் பிரிப்பது. இல்லாவிட்டால் எதைச் சொன்னாலும் நம் மனம் அதற்கு ஒரு கோட்டைத் தேடிப் பிடித்துவிடும். அதே தாளில் "கூட்டுத் தொழிலில் சண்டை" என்றும் எழுதியிருந்தேன். அவர் யாரோடும் கூட்டே சேர்ந்ததில்லை. அது தவறு, அதையும் அவரிடம் காட்டினேன்.

கை ரேகைக்கும் பணத்துக்கும் தொடர்பு உண்டு என்று அறிவியல் நிரூபித்ததில்லை. பெரிய ரேகைகள் தாயின் வயிற்றில் மூன்றாம் மாத வாக்கிலேயே மடிப்புகளாக விழுந்துவிடுகின்றன. ஒருவரோடு உட்கார்ந்து அவருடைய பேச்சையும் பணத்தையும் பற்றி நிதானமாகப் பேச இது ஒரு நல்ல வழி. நான் இதை அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

போன வருஷம் இருந்த பண ரேகை இப்போ காணோம். போச்சா?

பயப்படாதீர்கள். ஆயுள், புத்தி, இருதய ரேகைகள் நிலையானவை. மேடுகளில் இருக்கும் மெல்லிய கோடுகள் தோல் வறட்சிக்கும் உடல் எடைக்கும் கைவேலைக்கும் ஏற்பத் தெளிவாகும், மங்கும். கையை ஊறவைக்கும் வேலை செய்தால் அன்றைக்கே மாற்றம் தெரியும். அதனால் ஒரே நாள் பார்வையை நம்பாதீர்கள். பதிவை எடுத்துத் தேதி போட்டு வைத்து, ஆறு மாதம் கழித்து அதே மாதிரித் துணி வைத்து இன்னொன்று எடுங்கள். இரண்டிலும் இருப்பதை மட்டும் ரேகை என்று எண்ணுங்கள்.

கூட்டாளியா ஒருத்தரைச் சேர்க்கப் போறேன். அவர் கையைப் பார்த்துச் சொல்வீங்களா?

சேர்க்கலாமா வேண்டாமா என்று சொல்லமாட்டேன். அதற்கு அவருடைய பழைய கணக்கையும், அவரோடு தொழில் செய்தவர்களையும் கேளுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். அவருக்குத் தெரியாமல் எடுத்த படத்தை அனுப்பிக் கேட்பவர்களுக்கு நான் பதிலே எழுதுவதில்லை.

சேர்த்த பிறகு, இரண்டு பேரும் மனமொப்பிக் கையை நீட்டினால், வேலையை எப்படிப் பிரிக்கலாம் என்று பேச உட்காரலாம். மேல்கணு நீண்டவர் வாடிக்கையாளரிடம் பேசட்டும், அடிக்கணு திரண்டவர் கல்லாவில் இருக்கட்டும். இரண்டு பேருக்கும் சுண்டு விரல் இறங்கியிருந்தால், பாக்கி வசூலுக்கு மூன்றாவதாக ஒருவரை இப்போதே பார்த்து வையுங்கள்.